மேப்பில் கிளினிக் இருக்கிறது, நோயாளி பின் தெருவில் நிற்கிறார்

கேள்வி: காரைக்குடியில் ஒரு சந்துக்குள், முதல் மாடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். போன மாதம் கூகுள் மேப்பில் கிளினிக்கைச் சேர்த்தேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், ஏற்றுக்கொள்ளவில்லை. மேப் பார்த்து வருகிறவர்களும் பின் தெருவில் போய் நின்றுகொண்டு போன் செய்கிறார்கள். ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் எல்லாம் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மேப்பில் கடை, கிளினிக் விவரங்களைப் பதிந்துவைக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் முழுக்க இலவசம். உங்கள் சிக்கலை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதியதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வீடியோவை ஏற்காததால் உங்கள் பதிவு இன்னும் சரிபார்க்கப்படவில்லை. அப்படிப்பட்ட பதிவு பொதுவாக மற்றவர்கள் மேப்பில் தெரியாது. ஆனால் நோயாளிகள் மேப் பார்த்து வருகிறார்கள். அப்படியென்றால் அவர்கள் பார்ப்பது நீங்கள் போட்ட பதிவை அல்ல, ஏற்கெனவே மேப்பில் இருக்கும் வேறொரு பதிவை. பழைய நோயாளி யாராவது நல்லெண்ணத்தில் சேர்த்திருக்கலாம், கூகுளே வேறு இடத்திலிருந்து விவரம் எடுத்துப் போட்டிருக்கலாம். அதன் புள்ளிதான் பின் தெருவில் இருக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் புதியதைச் சரிபார்ப்பதிலும் தடங்கல் வரும்.

எனவே முதல் வேலை, வேறொருவர் போனில் மேப்பைத் திறந்து கிளினிக் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். பழைய பதிவு கிடைத்ததும், உங்கள் போனில் உங்கள் ஜிமெயில் கணக்கில் அதைத் திறந்தால் Claim this business என்ற வரி தெரியும். அதை அழுத்தி அந்தப் பதிவை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். அதில் நாலு ரிவ்யூ இருந்தால்கூட அவை உங்கள் சொத்து, அதனால் வைத்துக்கொள்ள வேண்டியது பழையதைத்தான். நீங்கள் புதிதாகப் போட்டதை நீக்கிவிடலாம். வேறொரு கணக்கு அதை ஏற்கெனவே வைத்திருந்தால், அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் வசதி அங்கேயே வரும். வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். முன்பு வேலை பார்த்த பணியாளரோ, பழைய ஏஜென்சியோ அதை வைத்திருப்பது ரொம்பச் சாதாரணம்.

பதிவு கைக்கு வந்ததும் வீடியோவுக்கு ஓடாதீர்கள். வீடியோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது பெயரையோ முகவரியையோ மாற்றினால் குழப்பம் கூடும். அவற்றை முதலில் சரியாக்கிவிடுங்கள்.

பெயர், வாசல் போர்டில் இருப்பதுதான். பலர் கிளினிக் பெயரோடு ‘முதுகுவலி, முழங்கால்வலி சிறந்த சிகிச்சை காரைக்குடி’ என்றெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். இது விதிமீறல். பதிவையே முடக்கிவிடுவார்கள், அதை மீட்பதற்கு அலைவது தனி வேதனை. முதுகுவலி பார்ப்பதைச் சொல்ல ‘சேவைகள்’ பகுதி இருக்கிறது, 750 எழுத்து வரை விளக்கம் எழுதவும் இடம் இருக்கிறது. வகை கேட்கும் இடத்தில் பிசியோதெரபி என்பதற்கு மிக நெருக்கமானதை முதன்மை வகையாகத் தேர்ந்தெடுங்கள். பெரிதாகத் தெரியட்டும் என்று மருத்துவமனை என்று போட வேண்டாம்.

அடுத்து, அந்தப் புள்ளி. கதவு எண்ணையும் தெருவையும் தட்டினால் கூகுள் தோராயமாக ஓர் இடத்தில் புள்ளியைக் குத்தும். நம் ஊர்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் அது பெரும்பாலும் தள்ளித்தான் விழும். நீங்கள் சரிசெய்யும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் நடுக்கூரையில் புள்ளியை வைப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் வழி காட்டும்போது மேப், புள்ளிக்கு மிக அருகில் எந்தத் தெரு ஓடுகிறதோ அதில் கொண்டுபோய் விட்டுவிடும். முன்சந்துக்கும் பின் தெருவுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் கட்டடத்தில் புள்ளி கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே போதும், ஆள் பின்பக்கம் போய் நிற்பார். அதனால் முகவரிப் பகுதியில் Adjust என்பதை அழுத்தி, செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, நோயாளிகள் ஏறிவரும் மாடிப்படி வாசலிலேயே புள்ளியை வையுங்கள். முகவரியின் இரண்டாவது வரியில் ‘முதல் மாடி’ என்று சேர்த்து, மருந்துக்கடையோ கோயிலோ அருகில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மாற்றம் மேப்பில் வந்தபிறகு, ஊருக்குப் புதியவர் ஒருவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து மேப்பை மட்டும் நம்பி வரச் சொல்லுங்கள். படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தால் சரி.

இப்போது வீடியோ. உங்களுடையது ஏன் தள்ளப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் கிளினிக்குகள் அனுப்புவதில் அடிக்கடி பார்ப்பது, கட்டில், மெஷின், மேஜை என்று உள்ளே மட்டும் எடுத்திருப்பார்கள். அந்த அறை காரைக்குடியில்தான் இருக்கிறது என்பதற்கு அதில் என்ன அத்தாட்சி? பார்ப்பவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இடம் இதுதான், இங்கே கிளினிக் நடக்கிறது, நடத்துபவர் நீங்கள்.

சந்து முனையில், தெருப்பெயர்ப் பலகை தெரியும்படி நின்று ஆரம்பியுங்கள். பக்கத்துக் கடைகளின் போர்டுகளை மெதுவாகக் காட்டியபடி நடந்து வாருங்கள். உங்கள் போர்டில் எழுத்து படிக்கும்படி இரண்டு மூன்று நொடி நில்லுங்கள். படியேறி, பூட்டிய கதவை உங்கள் சாவியால் திறங்கள். முக்கியமான கட்டம் இதுதான், ஏனென்றால் நோயாளியாக வரும் யாரும் உள்ளே படம் எடுத்துவிடலாம், சாவி போட்டுத் திறக்க முடியாது. பிறகு சிகிச்சை மெஷின்கள், கிளினிக் பெயர் அச்சிட்ட பில் புத்தகம், சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழ். எல்லாம் ஒரே ஓட்டமாக, வெட்டாமல், ஒட்டாமல். 30 நொடிக்குக் குறையக் கூடாது. நோயாளிகள் முகம், அவர்கள் ஃபைல், உங்கள் ஆதார், பேங்க் விவரம் எதுவும் வர வேண்டாம். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் எடுப்பது நல்லது. முடிவு தெரிய 5 வேலைநாள் வரை ஆகலாம்.

ஏற்றுக்கொண்டதும் நேரத்தைப் போடுங்கள். மதியம் மூடுகிறீர்கள் என்றால் காலை 9 முதல் 1, மாலை 4 முதல் 8 என்று இரண்டு பகுதியாகவே போட முடியும். ஒரே நீட்டாகப் போட்டால் இரண்டு மணிக்கு வலியோடு மாடி ஏறி வருபவர் பூட்டைப் பார்ப்பார். பொங்கல், தீபாவளி விடுமுறைகளைத் தனியாகக் குறிக்கவும் இடம் இருக்கிறது.

தேடலில் மேலே வருவதற்கு வழி இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேடியதற்குப் பொருத்தமா, தேடுபவருக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. தேவகோட்டையில் உட்கார்ந்து தேடுபவருக்கு அந்த ஊர் கிளினிக்குகள் முன்னால் வருவது இயல்பு. அதனால் ‘முதல் இடம் உத்தரவாதம்’ என்பவரை நம்ப வேண்டாம். குணமான நோயாளிகளிடம் ரிவ்யூ எழுதச் சொல்லிக் கேட்கலாம், அதற்காக ஃபீஸில் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது அந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று குறிப்பிடாதீர்கள், அவரே எழுதியிருந்தாலும்கூட.

போட்டோ ஏற்ற, பதிவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தாராளமாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். People and access பகுதியில் அவரை மேனேஜராக மட்டும் சேருங்கள், முதன்மை உரிமையாளர் உங்கள் ஜிமெயிலாகவே இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அதே இடத்தில் அவர் பெயரை நீக்கிவிடலாம்.