வெளியிலிருந்து ஊதினால் தூசி போகாது

கேள்வி: என் பிஎஸ் 4 கேம் பெட்டி, கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்தில் மிக்ஸி மாதிரி அலறுகிறது. சில நாள் சூடாகிவிட்டது என்று சொல்லி நின்றேவிடுகிறது. வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா, கெட்டுப்போகுமா?

ஸ்லிம்மோ ப்ரோவோ இல்லாமல், முதலில் வந்த மாடல்தான் உங்களிடமும் இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். வாரன்டி முடிந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. சர்வீஸ் துறையில் இருப்பவர்கள் குறை சொல்லலாம், ஆனால் ஒரு கடையில் 1,500 ரூபாய் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி வந்த பெட்டி மூன்றாம் நாளே பழையபடி கத்தியதைப் பார்த்தவன் நான்.

அந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நண்பரிடம் ப்ளோவர் வாங்கி, பெட்டியைத் திறக்காமலே பக்கவாட்டு இடுக்கு வழியாக ஊதினேன். கொஞ்சம் தூசி பறந்தது, உள்ளே ஃபேன் விர்ரென்று சுழன்றது, மனசுக்கும் திருப்தியாக இருந்தது. உண்மையில் தூசி இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. அதைவிட மோசம், வெளிக்காற்றில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் பேரிங் தேயும். மோட்டாரே டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. கேம் ஓடி ஃபேன் கத்தும்போது பெட்டியின் பின்பக்கம் புறங்கையை வையுங்கள். ஃபேன் அவ்வளவு கத்தியும் காற்று மெலிதாக, கொதிக்கக் கொதிக்க வந்தால் உள்ளே அடைப்பு. காற்று நன்றாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, பெட்டியோ சூடு என்று புலம்புகிறது என்றால் சிப்பின் வெப்பம், அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஹீட்சிங்க் தகடுகளுக்கே போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதற்கு போர்டு வரை கழற்ற வேண்டும், முதல் முறையே அதில் கை வைக்காதீர்கள்.

எனக்கு அடைப்புதான். ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, எல்லா வயரையும் பிடுங்கி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் தொட்டேன். பின்னால் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் திருகுகளுக்கு நடுவில் சின்ன முளை இருக்கும், சாதாரண ஸ்க்ரூடிரைவர் உதவாது. முனையில் ஓட்டை உள்ள டார்க்ஸ் டி8 அல்லது டி9 வேண்டும். கவிழ்த்து வைத்து அடி மூடியைப் பின்பக்கத்திலிருந்து தூக்கினால் ஃபேன் ஒரு பக்கமும் பவர் சப்ளை பெட்டி ஒரு பக்கமும் தெரியும்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே ப்ரஷ்ஷால் ஃபேனைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கடையிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். ஃபேன் இறக்கைகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஃபேன் தள்ளும் காற்று ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் புகுந்து, பவர் சப்ளையையும் கடந்துதான் பின்னால் வெளியேறுகிறது. அடைப்பு அந்தத் தகடுகளின் வாயில்தான். பவர் சப்ளையின் திருகுகளை எடுத்து, அதை நேராக மேலே தூக்க வேண்டும், கீழே இரண்டு உலோக ஊசிகள் அதில் செருகியிருக்கும், சாய்த்தால் வளையும். பக்கத்து வயரைப் பிடுங்காமல் அப்படியே புரட்டி வைத்தேன். பவர் சப்ளையின் கூட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அங்கே இருந்ததைத் தூசி என்றே சொல்ல முடியாது. சாம்பல் நிறக் கம்பளித் துணி மாதிரி ஒரே பட்டையாக ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார்கள், அந்தப் பிசுக்கும் சேர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். (வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.) இடுக்கியால் பட்டையை உரித்தேன், ஈரமில்லாத பெயிண்ட் ப்ரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தட்டினேன். அப்புறம் ஃபேனை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மொட்டைமாடியில் வைத்து, ப்ளோவரைத் தள்ளிப் பிடித்து ஊதினேன். வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் குழாய் முனையில் ஸ்டேட்டிக் மின்சாரம் சேரும்.

மூடியதும் அதே கேம், அதே கட்டம். பின்னால் வந்த காற்றின் வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பெட்டி அதற்குப் பிறகு சூடு என்று நிற்கவில்லை.

டிவி அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டு இன்டீரியர்காரர் பின்பலகையில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கேட்டால் லுக் போய்விடும் என்றார். ஸ்லோ க்ளோஸ் கீல் என்று தனியாகக் காசு வாங்கினார், ஆறு மாதத்தில் கதவு தொங்கிவிட்டது, போனை எடுப்பதே இல்லை. சரி, அது வேறு கதை.

ஃபேனில் ஒரு மெல்லிய டிக் டிக் மட்டும் இன்னும் இருக்கிறது. ப்ளோவரால் விர்ரென்று சுழலவிட்டேனே, அன்றைக்கு ஆரம்பித்தது.