மூங்கில்ல மாவு கொட்டுது, அதே கம்பு மேல ஓடு போடலாமா?

கேள்வி: 10 அடி இடைவெளிக்கு மூங்கில் விட்டம் வச்சு ஒரு ஷெட் போட்டோம், ரெண்டு கோட் வார்னிஷும் அடிச்சாச்சு. 8 மாசம் கழிச்சு கீழ மஞ்சளா மாவு கொட்டுது, கம்புல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. போராக்ஸ் தண்ணி தெளிச்சா சரியாகுமா? மேல இப்போ தகரம் இருக்கு, எடுத்துட்டு ஓடு போடலாமா?

பதில்: தெளிச்சா சரியாகாது. ஓடு, இப்ப இருக்கற 10 அடி இடைவெளிக்கு வேண்டாம். ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

அந்த மாவு உளு வண்டு சாப்பிட்டு தள்ளின தூள். அது மூங்கிலுக்கு வர்றதே உள்ள இருக்கற ஸ்டார்ச்சுக்காகத்தான். வெளித்தோல் மெழுகும் சிலிக்காவும் சேர்ந்து கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், அதுவழியா வண்டும் லேசுல போகாது, மருந்தும் போகாது. வண்டு நுழையறது வெட்டின முனை, கிளை சீவின இடம், உள்பக்கம், அப்புறம் நாம போட்ட போல்ட் ஓட்டை. நீங்க வார்னிஷ் அடிச்சது ஏற்கனவே பூட்டியிருந்த கதவுக்கு மேல இன்னொரு பூட்டு போட்ட மாதிரி, திறந்து கிடந்த ஜன்னல் அப்படியேதான் இருந்துச்சு. போராக்ஸ் தண்ணியை மேல தெளிச்சாலும் அதே கதைதான்.

இப்ப இருக்கற கம்புகளை முதல்ல பிரிச்சுக்கோங்க. ஒவ்வொரு கம்பையும் சுத்தியலோட மரப்பிடியால தட்டிக்கிட்டே போங்க, நல்ல இடம் கணீர்னு சொல்லும், உளுத்த இடம் பொத்துன்னு அமுங்கின சத்தம் தரும், அங்க பேனாக்கத்தி முனையை வச்சு அமுக்கினா உள்ள போயிடும். அப்படி போற கம்பு பாரம் தாங்கற இடத்துல இருந்தா மாத்திடுங்க, காப்பாத்த முயற்சி பண்ணாதீங்க. நாலஞ்சு ஓட்டை மட்டும் இருக்கற கம்புன்னா ஒவ்வொரு கணுவுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் துளை ஒண்ணு போட்டு சிரிஞ்சால 10 சதவீத போராக்ஸ் போரிக் ஆசிட் கரைசல் ஏத்தி, துளையை மெழுகால அடைச்சு, அடுத்த ரெண்டு மாசம் கீழ கருப்பு பேப்பர் விரிச்சு வச்சு மாவு புதுசா விழுதான்னு பாருங்க. காஞ்ச மூங்கில் மருந்தை மெதுவாத்தான் குடிக்கும், அதனால இது ஒட்டுப்போடற வேலைதான்.

புதுசா வாங்கற கம்புக்கு ஒழுங்கா பண்ணுங்க. 3 வருஷம் தாண்டின, முத்தின மூங்கிலா, வெட்டி ஒரு வாரத்துக்குள்ள, பச்சையா இருக்கணும். ஈரம் இருந்தாத்தான் மருந்து உப்பு அதுக்குள்ள பரவும், காய வச்சிட்டு அப்புறம் மருந்து போடலாம்னு பலபேர் நினைக்கறாங்க, அது தலைகீழ். வெட்டின முனையில டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டு பாருங்க, கருநீலமா மாறினா ஸ்டார்ச் நிறைய இருக்குன்னு அர்த்தம், அந்த கட்டு வேண்டாம்.

கரைசல் 100 லிட்டர் தண்ணிக்கு 6 கிலோ வெங்காரம், அதாவது போராக்ஸ், கூட 4 கிலோ போரிக் ஆசிட். தனித்தனியா போட்டா சாதா தண்ணியில ரெண்டுமே 5 சதவீதம் கிட்ட நின்னுடும், சேர்த்து போட்டா அதுக்கு மேலயும் கரையும், தண்ணி வெதுவெதுன்னு இருந்தா சீக்கிரம். கம்புக்குள்ள நீளமான கம்பியை இறக்கி கணுத்தடுப்பை எல்லாம் குத்தி உடைச்சு விடணும். நான் முதல் தடவை பண்ணும்போது ஒரு கம்புல கடைசி தடுப்பை மட்டும் விட்டுட்டேன், மேல கல் வச்சும் அந்த முனை படகு மாதிரி தூக்கிக்கிட்டே இருந்துச்சு, ஆறு மாசத்துல மாவு கொட்டினதும் சரியா அந்த முனையிலதான். அதனால ஒரு பக்கம் சாய்ச்சு இறக்கி, காத்து குமிழ் வர்றது நின்னதும் படுக்க வச்சு, பாரம் ஏத்தி 7லிருந்து 10 நாள் முழுசா மூழ்க விடுங்க. எடுத்ததும் வெயில்ல போடாதீங்க, ஒரு வாரம் நிழல்ல மூடி வச்சு மருந்து இன்னும் உள்ள பரவ விட்டுட்டு அப்புறம் நிழல்லயே காய விடுங்க, அவசரப்பட்டா நீளவாக்குல வெடிக்கும். மிச்ச கரைசலை செடிக்கு ஊத்திடாதீங்க, கருகிடும்.

மருந்து போயிருக்கான்னு கண்ணால தெரியாது, ஆனா மஞ்சள்தூள் காட்டிக் கொடுக்கும். கம்பை நடுவுல ஒரு துண்டு அறுத்து காய வச்சு, ஸ்பிரிட்ல கரைச்ச மஞ்சளை அறுத்த முகத்துல தடவி காஞ்சதும், சாலிசிலிக் ஆசிட் கலந்து ஸ்பிரிட்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு சொட்டு வைக்கணும். (ஆசிட் வேலையை கெமிஸ்ட்ரி லேப் பழக்கம் உள்ளவங்கள விட்டு பண்ணுங்க.) மருந்துல இருக்கற போரான் போய் சேர்ந்த இடம் சிவப்பா மாறும், இல்லாத இடம் மஞ்சளாவே இருக்கும். உள்விளிம்பு மட்டும் சிவந்து வெளிப்பக்கம் மஞ்சளா நின்னா இன்னும் ஊறணும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த உப்பு தண்ணியில கரையறது, மழை பட்டா அதே வழியில வெளியேயும் வந்துடும். பூஞ்சையும் ஈரம் நிக்கற இடத்துலதான் பிடிக்கும். அதனால தூண் கம்பை மண்ணுல புதைக்காதீங்க, கான்கிரீட் மேடை மேல ஒரு முழம் உசரத்துல இரும்பு செருப்பு போட்டு நிறுத்துங்க, சாரல் கம்பை தொடாத அளவுக்கு கூரையை வெளிய நீட்டுங்க.

இப்போ ஓடு. மூங்கில் இரும்புக்கு சமம்னு படிச்சிருப்பீங்க. நாரை நீளவாக்குல இழுக்கும்போது பலம் உண்மைதான், ஆனா விறைப்புல இரும்பு 200 கிகாபாஸ்கல்னா மூங்கில் 10லிருந்து 20க்குள்ளதான். 80 மில்லிமீட்டர் விட்டம், 8 மில்லிமீட்டர் சுவர் உள்ள கம்பை 3 மீட்டருக்கு, அதாவது உங்க 10 அடிக்கு, ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி வச்சு, ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 60 கிலோன்னு எடுத்து, விறைப்பு 10ன்னு கணக்கு போட்டா நடுவுல 53 மில்லிமீட்டர் தொங்கும். உடனே உடையாது, ஆனா ஓட்டு வரிசை பிரிஞ்சு தண்ணி ஒழுகும், பாரம் எப்பவும் மேலயே உக்காந்திருக்கறதால மாசக்கணக்குல இன்னும் தொங்கும். அதே கம்புக்கு நடுவுல ஒரு தாங்கு கொடுத்து 1.5 மீட்டராக்கினா தொங்கல் 16ல ஒரு பங்கு, 3 மில்லிமீட்டர் சொச்சம். தடிமனான கம்பு தேடறதை விட இதுதான் சுலபம். நடுவுல வரிசையா தூண் வைக்க இடம் இருந்தா ஓடு யோசிக்கலாம், இல்லன்னா தகரமே இருக்கட்டும், ஆனா தகரத்தை காத்து தூக்கும், அதனால கட்டும் போல்ட்டும் கீழ இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கணும்.

மூங்கில் தோக்கறது பெரும்பாலும் இணைப்புலதான். நார் எல்லாம் ஒரே பக்கமா ஓடறதால நீளவாக்குல பிளக்கறது அதுக்கு ரொம்ப லேசு. ஆணி அடிச்சா அங்கயே கோடு விழும், துளை போட்டு போல்ட்தான் போடணும், அதுவும் கம்பு முனையில இருந்து கணு தாண்டி உள்பக்கமா, அகலமான வாஷரோட. போல்ட் போற, ரெண்டு கணுவுக்கு நடுவுல இருக்கற அந்த வெற்றிடத்துக்குள்ள 1க்கு 3 சிமெண்ட் மணல் கலவை ஊத்தி நிரப்புங்க, வெறும் கூடுன்னா போல்ட் இறுக்க இறுக்க நசுங்கும். போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இரும்பு கிளாம்ப் ஒண்ணு ஒண்ணு மாட்டிட்டா வெடிப்பு வந்தாலும் நீளாது. குறுக்கே விட்டம் போற இடத்துல பாரம் கணு மேல உக்காரணும், ரெண்டு கணுவுக்கு நடுவுல உக்காந்தா சுவர் முட்டை ஓடு மாதிரி உள்ள அமுங்கிடும்.

கம்பு மாத்தும்போது பழைய போல்ட் துளைகள்லயும் ஒரு தடவை டார்ச் அடிச்சு பாருங்க, மாவு அங்கதான் முதல்ல சேரும்.