அம்மா நடப்பார், ஆனால் படி ஏற மாட்டார்

கேள்வி: அப்பாவுக்கு 75 வயது, அம்மாவுக்கு 70. முதன்முறையாக விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன். சக்கர நாற்காலி எப்படிக் கேட்பது? முதலில் ஏற விடுவார்களா? மாத்திரை, இன்சுலினை எல்லாம் எதில் வைப்பது? அம்மா இப்போதே பயந்துகொண்டிருக்கிறார்.

பதில்:

இரண்டு வருடம் முன்பு என் பெற்றோரைச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கூட்டிப் போனேன். போகும்போது நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

டிக்கெட் போடும்போது சக்கர நாற்காலி என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அதில் மூன்று வகை உண்டு என்று அப்போது தெரியாது. டிக்கெட்டில் WCHR என்று இருந்தால், தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார் என்று பொருள். WCHS என்றால் படியும் ஏற முடியாது. WCHC என்றால் இருக்கை வரைக்கும் தூக்கிப் போய் உட்கார வைக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் நன்றாக நடப்பார், ஆனால் மாடிப்படி என்றால் முடியாது. நான் வாங்கி வைத்திருந்தது WCHR.

விமானம் கட்டடத்தோடு ஒட்டி நின்றிருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரிந்திருக்காது. அன்றைக்கு அது தள்ளி நின்றது. பேருந்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். எதிரே இருபது படி போல ஏணி. நான் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறி முடித்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, “இதுக்கு ரயிலே தேவலை” என்றார்.

திரும்பி வரும்போது கால் சென்டருக்குப் பேசி WCHS என்று மாற்றச் சொன்னேன். இப்படிக் கேட்டால், தள்ளி நிற்கும் விமானத்துக்கு ஆம்புலிஃப்ட் என்ற வண்டி வரும். லாரி மேல் ஒரு சின்ன அறை இருப்பது போலிருக்கும். நாற்காலியோடு உள்ளே தள்ளி, அறையை அப்படியே விமானக் கதவு உயரத்துக்குத் தூக்குவார்கள். ஊருக்கு வந்து அம்மா எல்லாரிடமும் சொன்ன கதை இதுதான்.

அதனால் முதலில் உங்கள் பெற்றோர் படி ஏறுவார்களா என்று யோசித்துவிட்டு, அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குக் கேட்டால் மற்றவருக்கும் சேர்த்து வராது. அப்பாவுக்கும் வேண்டுமென்றால் தனியாகப் பதியுங்கள். எங்கள் அப்பா “நான் என்ன நோயாளியா?” என்று கோபப்பட்டார். டெல்லி மூன்றாம் முனையத்தில் இறங்கி, பெட்டி வரும் இடத்துக்கு நடந்துபோன பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உள்ளே கவுண்டரில் இன்னொரு முறை சொன்னால்தான் நாற்காலி தள்ளுபவரை அழைப்பார்கள். அவர் வர அரை மணி ஆனாலும் ஆகும். சோதனை வரிசையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வழி என்பதால் அங்கே நீங்கள் கொஞ்ச நேரம் பிரிய நேரும். இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா பதறிவிடுவார். இருவர் சட்டைப் பையிலும் அல்லது பர்ஸிலும் உங்கள் நம்பரைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் கையில் கொடுத்து, மெட்டல் டிடெக்டர் வாசலுக்குள் போகும் முன்பே காவலரிடம் சொல்ல வேண்டும். கையால் சோதித்து அனுப்பிவிடுவார்கள். அம்மா கைப்பையில் பாக்குவெட்டி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எங்களுடையது அங்கேயே போய்விட்டது.

நாற்காலிக்காரர்களை முதலில் ஏற்றுவது வழக்கம். கூடப் போகும் நீங்களும் அவர்களோடு ஏறலாம். ஆனால் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாற்காலி தள்ளியவர் அடுத்த ஆளைக் கூட்டிவரப் போய்விடுவார். அங்கே நிற்கும் ஊழியரிடம் “இவங்க படி ஏற மாட்டாங்க” என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூட்டம் கூடுவதற்குள் பெட்டியை மேலே வைத்து, பெல்ட்டைப் பூட்டித் திறக்கக் காட்டிக்கொடுக்க அந்தப் பத்து நிமிடம் போதும். அப்படியே கழிவறையையும் காட்டிவிடுங்கள். அதில் தண்ணீர் விடும்போது ‘புஸ்’ என்று பெரிய சத்தம் வரும், தெரியாதவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டோடு. பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால்கூட மாத்திரை இல்லாமல் போய்விடக் கூடாது. இன்சுலினைச் சரக்கில் போடவே போடாதீர்கள். அது உறைந்தால் வீண். பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கு ஐஸ் தேவையில்லை, வெயில் படாமல் இருந்தால் போதும். புதியவற்றை மட்டும் குளிர்பையில் வைத்து, ஐஸ் பாக்கெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள். மேலே காற்றழுத்தம் மாறுவதால் பேனாவுக்குள் குமிழி வரலாம். ஊசியை மாட்டியே வைக்காமல், போடும்போது புதிதாக மாட்டி, இரண்டு யூனிட் வெளியே விட்டுவிட்டுப் போடுங்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. சாப்பாடு வண்டி கிளம்பியதைப் பார்த்து ஊசி போட்டுவிடக் கூடாது. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், சர்க்கரை இறங்கிவிடும். தட்டு மடிக்கு வந்த பிறகு போடுங்கள். நாங்கள் இட்லிப்பொடி தடவிய இட்லி கொண்டுபோனோம், அதைக் கையில் வைத்துக்கொண்டு போட்டார் அப்பா.

அம்மா கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தார். அப்படி விடாதீர்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அன்றைக்கு எத்தனை மணிக்கு எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையோர இருக்கையாகக் கேட்டு வாங்கினால் எழுந்து போகத் தயக்கம் இருக்காது.

சரி, பயம். எங்கள் அம்மா உயரத்துக்குப் பயப்படவில்லை, எதற்கென்று தெரியாத சத்தங்களுக்குத்தான் பயந்தார். ஏறி உட்கார்ந்ததும் மேலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கியது. “என்னப்பா எரியுது?” என்றார். சென்னைக் காற்றின் ஈரம் ஏசியில் பட்டுப் பனியாகி வருவது அது. ஏர்பஸ் விமானங்களில் கிளம்பும் முன் தரைக்கடியில் நாய் குரைப்பது போலவோ மரம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் வரும். மேலே எழும்பியதும் ‘டொம்’ என்று சக்கரம் உள்ளே போகும். அப்புறம் இன்ஜின் சத்தம் சட்டென்று குறையும். இந்த இடத்தில்தான் விழப் போகிறோமோ என்று வயிற்றைக் கலக்கும், ஆனால் அது வழக்கமாகவே இன்ஜின் விசையைக் குறைப்பதுதான். இதையெல்லாம் முதல் நாள் வீட்டில் வரிசையாகச் சொல்லி வைத்தால், ஒவ்வொன்றாக வரும்போது அவரே “இதோ சக்கரம்” என்று சொல்லிக்கொள்வார். திரும்பும்போது எங்கள் அம்மா அப்படித்தான் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

இறங்க அரை மணி இருக்கும்போது தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்காததால் காது அடைத்து வலிக்கும். ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தரை தொட்டதும் வரும் பெரிய இரைச்சல் வேகத்தைக் குறைப்பதற்கு என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஏறும்போது முதலில் என்றால் இறங்கும்போது கடைசியில்தான். எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்து அப்பாவும் எழுந்திருப்பார், பிடித்து உட்கார வையுங்கள். நாற்காலி கதவுக்கு வந்துவிட்டது என்று பணிப்பெண் சொன்ன பிறகு எழுந்தால் போதும்.