‘கருத்துகள் என்னுடையவை’ என்று பயோவில் போட்டால் போதுமா?

“மேடம், கோத்தகிரியில் ஒரு ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இன்ஸ்டாவில் ரீல்ஸ் போடும் பழக்கம் உண்டு, பயோவில் ‘கருத்துகள் என்னுடையவை’ என்று எழுதியிருக்கிறேன். இதற்கு முன் குன்னூரில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. பேர் சொல்லாமல் அந்த மேனேஜரைப் பற்றி ஒரு போஸ்ட் போடலாமா?”

போடாதீர்கள். சம்பளத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

பேர் சொல்லவில்லை என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் பழைய ரிசார்ட்டின் பெயரும் நீங்கள் அங்கே இருந்த வருஷங்களும் இருக்கும். ‘என் பழைய மேனேஜர் சம்பளத்தை அமுக்கிட்டான்’ என்று எழுதினால் படிக்கிறவர் இரண்டு தட்டில் ஆளைப் பிடித்துவிடுவார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஹோட்டல்காரர்களுக்குள் அதுகூடத் தேவைப்படாது. அவதூறு வழக்கில் பெயர் அச்சாகியிருக்க வேண்டும் என்று இல்லை, தெரிந்தவர்களுக்கு யாரென்று புரிந்தால் போதும். ‘நான் சொல்வது உண்மைதானே’ என்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவில் உண்மை மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு வரை போகலாம். வழக்கு கடைசியில் நிற்காமல் போனாலும் வக்கீல் நோட்டீஸ் வந்தாலே தூக்கம் போய்விடும்.

அதே பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. அதாவது ‘மார்ச், ஏப்ரல் சம்பளம் வரவில்லை, மேனேஜரிடம் கேட்டும் தரவில்லை’ என்ற விஷயம் ஃபேஸ்புக்கில் ஏறினால் உங்களுக்கு வம்பு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்தால் அது உங்கள் உரிமை. அதனால் முதலில் பழைய நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும், அவ்வளவுதான், திட்டு வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை. பி.எஃப். பிடித்தும் கட்டாமல் விட்டிருந்தால் அதற்குத் தனியாக epfigms.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம்.

சரி, பயோ வரி. நீங்கள் எழுதுவது ரிசார்ட்டின் அதிகாரபூர்வக் கருத்து இல்லை என்று படிப்பவருக்குத் தெரியப்படுத்தும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. அவதூறையும் அது காப்பாற்றாது, செக்-இன் செய்யும் விருந்தினர் முகமோ ரிஜிஸ்டரோ பின்னால் தெரிகிற ரீலையும் காப்பாற்றாது. (சீசனில் எந்தப் பிரபலம் எந்த ரூமில் என்பதை இன்ஸ்டா ஸ்டோரியாகப் போட்டு வேலையை இழப்பவர்கள் உண்டு.) இன்னொரு சிக்கல், நீங்கள் காலைப் பனியில் காட்டேஜைக் காட்டி ‘கோத்தகிரியில் இதைவிட நல்ல இடம் இல்லை’ என்று போட்டால், அங்கே சம்பளம் வாங்குகிறவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022-ல் வந்த மத்திய அரசின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட தொடர்பை மறைக்கக் கூடாது என்கின்றன. பயோவில் இருந்தால் போதாது, ரீல் மட்டும் பார்க்கிறவர் பயோவுக்குப் போக மாட்டார். கேப்ஷனின் முதல் வரியிலேயே ‘நான் இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் ரிசார்ட்டின் பாலிசியைப் பாருங்கள். தனியாக ‘சோஷியல் மீடியா பாலிசி’ இருக்காது, பெரும்பாலும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரோடு கொடுத்த நடத்தை விதிகளிலோ ரகசியக் காப்பு ஷரத்திலோ ஒளிந்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் எச்.ஆருக்கு ஒரு மெயில்: யூனிஃபார்மில் ரீல் போடலாமா, லோகோ தெரியலாமா, விருந்தினர் விமர்சனத்துக்கு என் சொந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்லலாமா? வாயால் ‘ஓ, போடும்மா’ என்று சொன்னால் அது பின்னால் நிற்காது, பதிலும் மெயிலில் இருக்கட்டும். மூன்றாவது கேள்விக்கு அநேகமாக ‘கூடாது’ என்றுதான் வரும். அது நியாயம்தான், கோபமாக இருக்கிற விருந்தினரிடம் யார் என்ன சொன்னார்கள் என்பதை நிர்வாகம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளத்தான் பார்க்கும்.

பழைய வேலையைப் பற்றிப் பேசவே கூடாது என்று இல்லை. ‘குன்னூரில் மே மாசக் கூட்டத்தில் ஓவர்புக்கிங் ஆன இரவுகளில்தான் செக்-இன் வேலையைக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதுங்கள், உங்கள் திறமை தெரியும், யாருக்கும் அடி விழாது. ஏன் விலகினாய் என்று யாராவது கமென்டில் கிளறினால் ‘வேறு வாய்ப்பு கிடைத்தது’ என்பதோடு நிறுத்துங்கள்.

கூகுள் மேப்ஸில் பழைய ரிசார்ட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். முன்னாள் ஊழியர் தன் வேலை அனுபவத்தை அங்கே எழுதுவதைக் கூகுளின் விதியே அனுமதிப்பதில்லை, அவர்கள் ரிப்போர்ட் செய்தால் விமர்சனம் போய்விடும். ஆனால் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், நீங்கள் தொழிலாளர் துறையில் நிற்கும்போது அதுதான் அவர்கள் கையில் இருக்கும்.