கோழியே தொடாத மாமியாருக்கும் வயிற்றுப்போக்கு

கேள்வி: கோழியை மஞ்சள் போட்டு நாலைந்து தண்ணீர் கழுவுகிறேன், காய்கறியையும் நன்றாகக் கழுவுகிறேன். வீட்டில் ஒரே கட்டிங் போர்டுதான் இருக்கிறது. அது போதாதா? கறிக்குத் தனியாக வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். ஆனால் போர்டுக்கு முன்னால் அந்த நாலைந்து தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நான்கு பேர் படுத்த பிறகு தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்தனும் ஓரகத்தியும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அன்று கிருத்திகை, மாமியார் விரதம். "வந்த பிள்ளைகளுக்குக் கோழி செய்மா, எனக்கு ரசமும் சோறும் போதும்" என்றார். கோழியைக் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். சில துண்டுகள் பெரிதாக இருந்ததால் போர்டில் வைத்துச் சின்னதாக்கினேன். அப்புறம் போர்டையும் கத்தியையும் தண்ணீரில் அலசிவிட்டு, அதே போர்டில் வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கினேன். பதினோரு மணிக்கு நறுக்கியது, ஒன்றரைக்குத் தயிர் ஊற்றும்வரை மேடையிலேயே இருந்தது. மாமியார் ரசத்துக்கு அந்தப் பச்சடியைத்தான் தொட்டுக்கொண்டார். கோழி வெட்டிய போர்டு என்று அவருக்குத் தெரியாது. விரத நாளில் அப்படிச் செய்ததை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

திங்கள் இரவு மகளுக்குக் காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. செவ்வாய் விடிவதற்குள் மாமியாருக்கும் எனக்கும் வயிற்றுப்போக்கு. ஊர் திரும்பிய ஓரகத்தியும் படுத்துவிட்டதாகப் போன் வந்தது. மாமியாருக்கு இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏறியது. கெட்டுப்போன கோழியைக் கொடுத்துவிட்டார் என்று என் கணவர் கறிக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

டாக்டரம்மாதான் ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை யார் யார் என்னென்ன சாப்பிட்டீர்கள்?" எழுதிப் பார்த்தோம். கோழியை ஒரு பிடி பிடித்த கணவருக்கும் மகனுக்கும் ஒன்றுமில்லை. இருவரும் பச்சடி தொடவில்லை. கொழுந்தன் கொஞ்சம் பச்சடி சாப்பிட்டார், தப்பித்துவிட்டார். படுத்த நான்கு பேரும் பச்சடி சாப்பிட்டவர்கள், அதில் ஒருவர் கோழியே சாப்பிடாதவர். வெள்ளிக்கிழமை வந்த மல பரிசோதனை முடிவில் சால்மோனெல்லா என்றிருந்தது. கோழியின் குடலில் சாதாரணமாக இருக்கிற கிருமி அது. குழம்பில் கொதித்த கோழியில் அது செத்துவிட்டது. உள்ளே 74 டிகிரி சூடு ஏறினாலே போதும். பச்சடிதான் அடுப்பையே பார்க்காத பண்டம்.

இந்தக் கிருமி உள்ளே போய் 6 மணி நேரத்திலும் வேலையைக் காட்டும், 6 நாள் கழித்தும் காட்டும். அதனால்தான் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதையே சந்தேகப்படுகிறார்கள். முதல் நாள் வாங்கிய இட்லி மாவு, ஓட்டல் பரோட்டா என்று பழி எங்கெங்கோ போகிறது.

இப்போது கழுவும் விஷயம். கழுவினால் கோழியிலிருந்து கிருமி போகாது. அது தண்ணீரோடு தெறித்து சிங்க்கிலும் மேடையிலும் பக்கத்தில் காயவைத்த தட்டிலும் ஒட்டும். 2019-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு ஆய்வு வெளியிட்டது. கோழியில் தீங்கில்லாத ஒரு கிருமியை அடையாளத்துக்குத் தடவிக் கொடுத்து, சமைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் இருந்தது. என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்த கணக்கு. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட்டுக்குக் கிருமி போய்ச் சேர்ந்தது. கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டுக்குப் போயிருந்தது. கையைச் சரியாகக் கழுவாததுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதாவது கழுவாமல் விட்டால் மட்டும் தப்பிக்க முடியாது.

"ரத்தமும் இறகும் ஒட்டிய கோழியைக் கழுவாமல் சமைப்பதா?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நானும் கழுவாமல் சமைப்பதில்லை. ஆனால் இப்போது குழாயடியில் பிடிப்பதில்லை. முதலில் பச்சடிக்கும் தாளிக்கவும் வேண்டிய எல்லாவற்றையும் நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். சிங்க்கில் ஒரு பாத்திரம்கூட இருக்கக்கூடாது. அகலமான சட்டியில் தண்ணீரை முன்பே பிடித்து, கோழியை மெல்ல இறக்கி, தெறிக்காமல் அலசி, தண்ணீரை சிங்க்கின் அடியில் சாய்த்து ஊற்றுவேன். இரண்டு தண்ணீர், அவ்வளவுதான். உடனே கையைச் சோப்பு போட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவிய பிறகே மசாலா டப்பாவைத் தொடுவேன். மஞ்சள் வாடைக்கு நல்லது, கிருமியை அது தீர்த்துவிடாது.

"பாட்டி காலத்தில் போர்டு ஏது?" என்றும் கேட்பார்கள். என் அம்மாச்சி வீட்டில் இரண்டு அரிவாள்மனை இருந்தது. மீன் நறுக்குகிற அரிவாள்மனை கொல்லைப்புறத்தில்தான் கிடக்கும், அடுக்களைக்குள் வராது. மீனைக் கல்லுப்பு போட்டு உரசுவதும் அலசுவதும் வெளியேதான். கவுச்சி வாடை என்றுதான் காரணம் சொல்வார். காரணம் எதுவானாலும் மீன் தண்ணீர் கீரையில் படாது. ஃப்ளாட்டுக்கு வந்தபோது நான் வாங்கியது ஒரே ஒரு போர்டு. அம்மாச்சி பிரித்து வைத்ததையெல்லாம் ஒன்றாக்கியது நான்தான்.

இப்போது கறிக்கும் மீனுக்கும் சிவப்பு போர்டு, காய்க்குப் பச்சை. ஓட்டல் சமையலறைகளில் இருக்கிற நிறக் கணக்கு இது, ஆனால் அங்கே மீனுக்கு நீலம் தனி. கத்தியும் இரண்டு. கறி போர்டை முதலில் சோப்பும் சுடுதண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும், கொழுப்பு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் கலந்து, சில நிமிடம் ஊறவிட்டு அலசி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுவேன். ப்ளீச்சோடு வினிகரோ கழிப்பறை ஆசிடோ சேரக் கூடாது, நச்சு வாயு வரும். பிளாஸ்டிக் போர்டில் நகம் மாட்டுகிற அளவு கத்தித் தடம் விழுந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் நார் போகாது.

வெள்ளரி, மாம்பழம் போன்றவற்றைத் தோல் சீவுவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். சோப்பு வேண்டாம். கீரையை அலசியபின் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கீரையைத் தூக்கி எடுங்கள். கொட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி கீரை மேலேயே விழும்.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஃப்ளாட்டில் ஒரே சிங்க். ஒரு பெரிய குண்டான் படுக்காது. பக்கத்திலேயே பாத்திரம் கவிழ்க்கும் இடம், பின்னால் கழுவுவதற்கென்று ஒரு முழம் இடம்கூட இல்லை. ஹாலில் டிவி மாட்ட பன்னிரண்டு அடிச் சுவர் விட்டிருக்கிறார்கள். சமையலறையில் கோழி எங்கே, குழந்தையின் பால் பாட்டில் எங்கே கழுவுவார்கள் என்று வரைபடம் போட்டவர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? கைப்பிடிச் சுவர் வைத்த பால்கனியில் ஒரு குழாய் போடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறேன். போன வாரம்தான் பிளம்பர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.