"மீதிப் பேர் என்ன ஆனாங்க?"

கேள்வி: "காலேஜ்ல ஒரு வருஷம் என்.எஸ்.எஸ். மாணவர் தலைவரா இருந்தேன். ரத்த தான முகாமெல்லாம் நடத்தினோம். ரெஸ்யூமில் போட்டிருக்கேன், ஆனா இன்டர்வியூவில் யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. முதல் வேலைக்கு இது உதவுமா? எப்படிச் சொல்றது?"

உதவும். ஆனால் நீங்கள் போட்டிருப்பது பதவியின் பெயர் மட்டும் என்று நினைக்கிறேன். "என்.எஸ்.எஸ். மாணவர் தலைவர், தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்யும் திறன்" என்கிற வரி எங்களிடம் வரும் ரெஸ்யூம்களில் பாதியில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு கேட்க எதுவும் தோன்றாது. அதனால் அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

நானும் அதே பொறுப்பில் இருந்தவன்தான். இப்போது ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, படிப்பு முடித்து நேராக வருகிறவர்களை எடுக்கும்போது என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நான் வேலை தேடிய காலத்தில் வாங்கிய ஒரு அடியைச் சொன்னால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

என் முதல் இன்டர்வியூவில் ஒரு பெரியவர் கேட்டார்: "முகாமுக்கு எத்தனை பேர் தம்பி?"

"நூற்றி அறுபது பேர் சார்."

"எத்தனை யூனிட் ரத்தம் கிடைச்சுது?"

"எழுபத்தொண்ணு சார்."

"மீதிப் பேர் என்ன ஆனாங்க?"

எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியாமல் இல்லை. சொன்னால் முகாம் சொதப்பியது வெளியே வந்துவிடும் என்று பயம். "சில பேருக்கு வர முடியலை சார், மத்தபடி எல்லாம் நல்லா நடந்தது" என்று மழுப்பினேன். அவர் பேனாவை மூடிவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பேனா மூடிய சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இதுதான். 160 என்பது வகுப்பு வகுப்பாகப் போய் வாங்கிய பெயர்கள். அன்றைக்கு வந்தவர்கள் 112 பேர். மதியம் ஒரு துறையில் இன்டர்னல் தேர்வு இருந்ததை நான் விசாரிக்கவில்லை. அந்தத் துறை மொத்தமாக வரவில்லை. வந்தவர்களில் 41 பேரை ரத்த வங்கிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். திரும்பியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஹீமோகுளோபின் போதவில்லை. ஒன்பது பேருக்கு எடை இல்லை. எட்டு பேர் ஹாஸ்டலில் காலை டிபன் சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள். மற்றவர்களுக்கு மாத்திரை, சமீபத்தில் குத்திய பச்சை என்று என்னென்னவோ.

இது போதாதென்று, ரத்தம் கொடுத்த ஒரு பையன் ஜூஸ் மேசைக்கு வராமல் நேராக லேபுக்குப் போகப் பார்த்து மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டான். கொடுத்தவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்ப அந்த மேசையில் நான் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. பேனர் பிடிக்கவும் போட்டோ எடுக்கவும் ஆறு பேர் இருந்தார்கள், இதற்கு ஒருவர்கூட இல்லை.

அடுத்த வருஷ முகாமுக்கும் நான்தான் பொறுப்பு. முதலில் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைக் குறித்தோம். உடற்பயிற்சிக் கூடத்து எடை மெஷினை இரவல் வாங்கி, பெயர் கொடுக்கும் இடத்திலேயே வைத்தோம். எடையையும் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியையும் கேட்ட பிறகுதான் பெயர் எழுதினோம். ஹாஸ்டல் மெஸ்ஸில் பேசி அன்றைக்கு மட்டும் டிபனை அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னோம். ஜூஸ் மேசைக்கு இரண்டு பேர். கால் மணி நேரம் ஆகாமல் யாரையும் எழுந்திருக்க விடக்கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அந்தத் தடவை பெயர் கொடுத்தவர்கள் 120 பேர்தான், முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. ஆனால் 104 பேர் வந்தார்கள், 83 யூனிட் கிடைத்தது. திரும்பிப் போன 21 பேரில் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் குறைவு. அதை ஒரு நாள் இட்லியால் சரி செய்ய முடியாது, அதை நாங்கள் குறைத்ததாகச் சொல்லவும் முடியாது.

பிற்பாடு ஒரு இன்டர்வியூவில் இதே கேள்வி வந்தபோது இரண்டு வருஷக் கதையையும், மாடிப்படிப் பையனையும் சேர்த்து, சொன்னேன். மூன்று நிமிஷம் பேசியிருப்பேன். "மெஸ்காரர் எப்படி ஒத்துக்கிட்டாரு?" என்று திருப்பிக் கேட்டார்கள். அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனாகச் சொல்கிறேன். புதிதாக வருகிறவரிடம் நாங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: ஒரு காரியத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கலாமா? தலைவர் என்ற சொல்லில் அதற்குப் பதில் இல்லை. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. ஆர்டர் ஆயிரம், அனுப்பியது எண்ணூறு, மீதி எங்கே என்று தினமும் கேட்கிற இடம் எங்கள் பிரிவு. மீதியைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காதவர்தான் எங்களுக்கு வேண்டும்.

அதனால் ரெஸ்யூமில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள் (மொழி ஆங்கிலமாக இருந்தாலும் இதே அடுக்குதான்): "கல்லூரி ரத்த தான முகாம், இரண்டு ஆண்டுகள்: பதிவு, நேர ஒதுக்கீடு, சிற்றுண்டிச் செலவு என் பொறுப்பு. பதிவின்போதே எடையும் முந்தைய தானத் தேதியும் கேட்கும் முறையைக் கொண்டுவந்தேன். தகுதியின்றித் திரும்பியோர் 112-இல் 41 என்பதிலிருந்து 104-இல் 21 ஆகக் குறைந்தனர்." இதைப் படிப்பவருக்குக் கேட்பதற்கு நாலு கேள்வி கிடைக்கும், நாலுக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

"என் பொறுப்பு" என்று எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். போன வருஷம் ஒருவர் "நாங்கள் மாணவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தோம்" என்றார். அதைச் செய்வது ரத்த வங்கியிலிருந்து வரும் மருத்துவரும் டெக்னீஷியனும். கொஞ்சம் துருவியதும் திணறினார், அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மையான விஷயங்களையும் சந்தேகத்தோடுதான் கேட்க முடிந்தது. இன்னொரு நாள் ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரே முகாமை இருவரும் "நான்தான் நடத்தினேன்" என்றார்கள். இரண்டாவது ஆள், "மேடை, விருந்தினர், அனுமதிக் கடிதம் அவன் பார்த்தான், வண்டியும் சாப்பாடும் நான்" என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருமே தப்பியிருப்பார்கள்.

பணம் கையாண்டிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கல்லூரியிலிருந்து சிற்றுண்டிக்கு 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். வாழைப்பழக்காரர் பில் தரமாட்டார். ஒரு வவுச்சரில் தொகையை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, மற்ற பில்களோடு ஒட்டி, மிச்சம் 660 ரூபாயையும் சேர்த்து மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். தொகை சின்னது. ஆனால் பில் இல்லாத செலவை என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஃப்ரெஷரை அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆதாரம் என்று தனியாக ஃபைல் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. என்.எஸ்.எஸ். சான்றிதழ் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரமும் ஒரு ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தவர்களுக்குக் கிடைப்பது. அது நீங்கள் இருந்ததைச் சொல்லும், செய்ததைச் சொல்லாது. எத்தனை யூனிட் பெற்றோம் என்று ரத்த வங்கி கல்லூரிக்குக் கொடுக்கும் கடிதத்தின் நகலும், கணக்கு ஒப்படைத்த தாளின் நகலும் அதைவிடப் பேசும். ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை மட்டும் யாரிடமும் காட்டாதீர்கள். யார் எதனால் திருப்பி அனுப்பப்பட்டார் என்பது அவரவர் உடம்பு விஷயம். திட்ட அலுவலரிடம் கடிதம் கேட்டால், "நல்ல மாணவர்" என்று எழுதாமல், எந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்தார், எவ்வளவு காலம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே நாலு வரி எழுதிக்கொண்டு போனால் பெரும்பாலும் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகளில் முதல் சுற்று எழுத்துத் தேர்வு. அங்கே இதெல்லாம் எடுபடாது. கோடிங் வேலைக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முகாம் ஈடாகாது. இரண்டு பேர் மார்க்கிலும் பாடத்திலும் ஒரே மாதிரி நிற்கும்போதும், கொள்முதல், ஸ்டோர்ஸ், மருத்துவமனை நிர்வாகம், தொண்டு நிறுவனம் மாதிரி ஆட்களையும் பொருளையும் கட்டி மேய்க்கிற வேலைகளிலும்தான் இது தராசைச் சாய்க்கும்.

நீங்கள் இன்னும் கல்லூரியில் இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. இருந்தால் இந்த வாரமே அந்தப் பதிவேட்டை எடுத்து வந்தவர்கள் எத்தனை, கொடுத்தவர்கள் எத்தனை, திரும்பியவர்கள் எதனால் என்று எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய பதிவேடு அடுத்த செட் வந்ததும் பரணில் ஏறியது. மேலே நான் சொன்ன எண்களை அப்போதே ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.