மெழுகு முகத்துக்குச் செல்ஃபிதான் காரணமா?

*குறும்படம் எடுக்கிறோம். மாடிப்படியில் ஓடி இறங்கும் ஷாட்டில் நடிகைக்குக் கால் சுளுக்கிவிட்டதால் டூப் வைத்து எடுத்தோம். டூப்பின் முகத்துக்குப் பதில் தன் முகத்தை வைக்க நடிகை சம்மதித்து ஒரு செல்ஃபி அனுப்பினார். அதில் போனின் பியூட்டி ஃபில்டர் விழுந்திருக்கிறது. inswapper_128 என்ற முகமாற்று மாடல் வழியாக மாற்றினால் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வருகிறது. அவரே பார்த்துவிட்டு "இது நான் இல்லையே" என்கிறார். மாற்றுவதற்கு முன் செல்ஃபியிலிருந்து அந்த வழவழப்பை எடுப்பது எப்படி?*

உங்கள் படத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மெழுகு போன்ற தோற்றம் ஒன்று, நடிகையின் சாயல் போனது இன்னொன்று. இரண்டுக்கும் செல்ஃபியின் வழவழப்பே காரணம் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்குமே அது காரணமில்லை.

நீங்கள் பயன்படுத்தும் மாடல் செல்ஃபியிலிருந்து சருமத்தை வெட்டி ஒட்டுவதில்லை. கண், மூக்கு, வாய் ஓரங்களை வைத்து முகத்தை நேராக்கி, 112 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, அதை ஒரு முக அடையாள மாடலுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து 512 எண்கள் வருகின்றன. செல்ஃபியிலிருந்து டூப்பின் முகத்துக்குப் போவது அந்த எண்கள் மட்டும்தான். அந்தச் சின்னச் சதுரத்தில் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 35 பிக்சல் தூரம். நிஜ முகத்தில் அது 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு பிக்சலுக்குள் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் சருமம் அடங்கிவிடுகிறது. கன்னத்துத் துளைகள் அதைவிட மிகச் சிறியவை. ஃபில்டர் அவற்றை அழிக்காமல் விட்டிருந்தாலும் இந்தச் சுருக்கத்தில் காணாமல் போயிருக்கும்.

மெழுகு வருவது மறுமுனையில். மாடல் வரைந்து தரும் புது முகம் 128 பிக்சல் சதுரம். உங்கள் ஃபிரேமில் டூப்பின் முகம் 500 பிக்சல் உயரம் இருந்தால், அதை நான்கு மடங்கு இழுத்துத்தான் ஒட்டியாக வேண்டும். மங்கல் தெரியாமலிருக்க ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் மாதிரி முகச் சீரமைப்பு மாடலை மேலே ஓட்டியிருப்பீர்கள். அது கண்ணையும் பல்லையும் கூர்மையாக்கும், கன்னத்தை இன்னும் மழுமழுவென்று ஆக்கிவிடும். இதை நீங்களே சோதிக்கலாம். ஃபில்டர் இல்லாத யாருடைய முகத்தையாவது, உங்கள் முகத்தையே, அதே ஃபிரேமில் போட்டுப் பாருங்கள். அப்போதும் மெழுகு இருந்தால் செல்ஃபிமேல் பழியில்லை.

ஆனால் சாயல் போனதற்குச் செல்ஃபியின் ஃபில்டர் காரணமாக இருக்கலாம். போன்களின் பியூட்டி மோட் சருமத்தோடு நிற்பதில்லை. தாடையை உள்ளே தள்ளும், கண்ணைப் பெரிதாக்கும், மூக்கின் அகலத்தைக் குறைக்கும். தாடை பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் ஒடுங்கினால், அந்த 112 பிக்சல் சதுரத்தில் அது கிட்டத்தட்ட 2 பிக்சல். துளைகளைப் போல இது சுருக்கத்தில் மறையாது, அந்த எண்களுக்குள் ஏறிவிடும். அப்படி நடந்திருந்தால் வருவது அவருடைய தங்கை போன்ற ஒரு முகமாகத்தான் இருக்கும். மாற்றம் நடந்திருக்கிறதா என்று செல்ஃபியிலேயே தேடலாம். தாடைக்குப் பின்னால் கதவு நிலையோ டைல்ஸ் கோடோ இருந்தால், முகத்தை ஒட்டிய இடத்தில் அது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருக்க வேண்டிய கோடு முகத்தை நோக்கி வளைந்திருந்தால் தாடையை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு நான் சொல்லும் முதல் வழி, அந்தச் செல்ஃபியை ஓரமாக வைப்பது. நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். அதே நடிகை, அதே மேக்கப்பில், ஃபில்டர் இல்லாத கேமராவில் மற்ற காட்சிகளில் உங்களிடம் இருக்கிறார். முகம் நேராக, வாய் மூடி, இரு கன்னத்திலும் வெளிச்சம் விழும் குளோசப் ஒன்றிலிருந்து அசைவு மங்கல் இல்லாத ஃபிரேமை எடுங்கள். எந்தச் செல்ஃபியைவிடவும் நல்ல மூலம் அதுதான். அவருடைய சம்மதம் அந்த ஷாட்டுக்கு மட்டுமா, படம் முழுக்கவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டூப்பிடமும் அப்படியே கேளுங்கள், மறைக்கப்படுவது அவருடைய முகம்.

செல்ஃபி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம், அளந்துவிடலாம். வெவ்வேறு ஷாட்டுகளிலிருந்து நடிகையின் கேமரா ஃபிரேம்கள் இரண்டையும் செல்ஃபியையும் ஒரே ஃபோல்டரில் வைத்து இதை ஓட்டுங்கள்:

```python
from insightface.app import FaceAnalysis
import cv2, numpy as np

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=-1, det_size=(640, 640))

def emb(p):
    return app.get(cv2.imread(p))[0].normed_embedding

f1, f2, s = emb("frame1.png"), emb("frame2.png"), emb("selfie.jpg")
print(np.dot(f1, f2), np.dot(f1, s))
```

மூன்று படங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு முகம்தான் இருக்க வேண்டும். முதலில் வரும் எண் அவருடைய இரண்டு ஃபிரேம்களும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. அதுதான் உங்கள் அளவுகோல். உதாரணத்துக்கு முதல் எண் 0.75, இரண்டாவது 0.72 என்று வந்தால் ஃபில்டர் அடையாளத்தைத் தொடவில்லை, சாயல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் டூப்பின் முக அமைப்புதான் அது. நெற்றி, தாடைக்கோடு, தலைமுடி எல்லாம் டூப்புடையதாகவே இருக்கும், மாடல் அவற்றை அதிகம் மாற்றாது. இரண்டாவது எண் 0.55 என்று இறங்கியிருந்தால் செல்ஃபிமேல் சந்தேகம் வலுக்கிறது. தலை திரும்பியிருந்தாலும் சிரித்திருந்தாலும் கூட எண் இறங்கும், ஆகவே மூன்று படங்களும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருக்கட்டும்.

கேமரா ஃபிரேம் கைக்கு வரவில்லை, செல்ஃபியை விட்டால் வேறு வழியில்லை என்றால், முதலில் அவருடைய போனில் அசல் இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்த பிறகு கேலரியில் ஃபில்டர் போட்டிருந்தால் பல போன்களில் Edit-க்குள் Revert என்று இருக்கும், அசல் அப்படியே திரும்பி வந்துவிடும். எடுக்கும்போதே கேமரா ஃபில்டர் போட்டிருந்தால் திரும்ப வராது. அப்போது புதிதாக ஒன்று எடுக்கச் சொல்வதுதான் சுருக்கமான வழி. முன் கேமரா வேண்டாம். வேறொருவர் பின் கேமராவில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். பியூட்டி மோடில் சருமத்துக்கு ஒரு ஸ்லைடர், முக வடிவத்துக்குத் தனி ஸ்லைடர் என்று இருக்கும். சருமத்தை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு வடிவத்தை மறந்துவிடுகிறார்கள், அதைச் சொல்லி அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் வரும்.

அதுவும் நடக்கவில்லை என்றால்தான் திருத்த வேலை. அதிலும் வடிவம்தான் முதலில். ஜிம்பில் செல்ஃபியைத் திறந்து, அவருடைய பழைய சாதாரணப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, Warp Transform கருவியால் தாடையை வெளியே நகர்த்துங்கள். பின்னணியில் வளைந்த கோடு நேராகும்வரை நகர்த்துவதுதான் நம்பத்தகுந்த அளவு. நகர்த்துவதற்கு முன்னும் பின்னும், கேமரா ஃபிரேமுக்குப் பதில் அந்தப் பழைய படத்தை வைத்து, மேலே சொன்ன இரண்டாவது எண்ணை எடுங்கள். அது ஏறினால் சரியான திசையில் போகிறீர்கள்.

இனி நீங்கள் கேட்ட வழவழப்பு. ஒரே படத்தை வைத்து மாற்றும் மாடலுக்கு இது தேவையில்லை. ஆனால் டீப்ஃபேஸ்லேப் மாதிரி, நடிகையின் நூற்றுக்கணக்கான படங்களை வைத்துப் பயிற்சி கொடுக்கும் முறைக்குப் போனால் கதை வேறு. அங்கே மூலப் படத்தின் சருமத்தையே மாடல் கற்றுக்கொள்கிறது, வழவழ கன்னம் அப்படியே வெளியே வரும். அப்போது ஃபில்டர் எந்த அளவுக்குப் போட்டிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் மீட்க முடியும். பாதி அளவில் வைத்த ஃபில்டர், அசலையும் மழுங்கடித்த பிரதியையும் பாதிக்குப் பாதி கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் துளைகளின் நுண்விவரம் அழியவில்லை, பாதி வலுவில் படத்துக்குள் இருக்கிறது. அதை இரட்டித்தால் ஏறக்குறைய அசல்.

ஜிம்பில் Filters → Enhance → Wavelet-decompose கொடுத்தால் படம் அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். Scale 1 மிக நுண்ணியது, எண் ஏற ஏற விவரம் பெரிதாகும். கன்னத் துளைகள் பெரும்பாலும் 2, 3 அடுக்குகளில் இருக்கும். அந்த அடுக்கை ஒரு பிரதி எடுத்தாலே அதன் வலு இரட்டிக்கும். பிரதிக்கு ஒரு மாஸ்க் போட்டு கன்னம், நெற்றி, மூக்கு இவற்றுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். புருவமும் இமைமயிரும் ஃபில்டரில் தப்பியவை, அவற்றையும் இரட்டித்தால் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். Scale 1-ஐத் தொட வேண்டாம், ஜேபெக் சுருக்கத்தின் அழுக்கு அதிகம் தங்குவது அங்கேதான்.

முடித்துவிட்டு 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒழுங்கில்லாத புள்ளிகள், ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகத் தெரிந்தால் துளைகள் வந்திருக்கின்றன. 8 பிக்சலுக்கு ஒரு கட்டம் என்று வரிசையாகத் தெரிந்தால் நீங்கள் இரட்டித்தது ஜேபெக் கட்டங்களை. அந்தப் படத்தில் மீட்க எதுவும் மிச்சமில்லை, பயிற்சித் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அழிந்த மச்சமும் இந்த வழியில் வராது. சீரமைப்பு மாடலை மூலப் படத்தின்மேல் ஓட்டி இதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய கன்னத்தை வரைந்து கொடுக்கும், அடையாளமும் நகர்ந்துபோகும்.

மெழுகுக்கு மருந்து மாற்றிய பிறகு போடுவதுதான். டூப்பின் அசல் ஃபிரேமிலேயே நிஜச் சருமம் இருக்கிறது, அதே வெளிச்சத்தில், அதே கேமராவின் கிரெயினோடு. அந்த ஃபிரேமை இதேபோலப் பிரித்து, 1 முதல் 3 வரையுள்ள அடுக்குகளை மாற்றிய முகத்தின்மேல் Grain merge முறையில் வையுங்கள். இங்கே கேமரா கோப்பு சுத்தமாக இருப்பதால் Scale 1-உம் வேண்டும், கிரெயின் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே ஃபிரேமின் சருமத்தையே வைப்பதால் தலை அசைவைப் பின்தொடரும் வேலையே இல்லை. கன்னத்துக்கும் நெற்றிக்கும் மட்டும் மாஸ்க் போடுங்கள், இல்லாவிட்டால் டூப்பின் இமைக்கோடும் உதட்டு ஓரமும் பேய்க்கோடாகத் தெரியும். ஓடும் ஷாட் என்பதால் பல ஃபிரேம்களில் அசைவு மங்கல் இருக்கும். அந்த ஃபிரேம்களின் அடுக்குகளில் விவரமும் தானாகவே குறைவாக இருக்கும், அதைக் கூட்டப் போக வேண்டாம்.

சீரமைப்பு மாடலின் வலுவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஷாட்டை ஓடவிட்டு, கன்னத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கழுத்து டூப்புடையது, அதில் கிரெயின் நகர்ந்துகொண்டே இருக்கும். கன்னத்திலும் அதே அளவில் நகர்ந்தால் போதும். கன்னம் மட்டும் உறைந்து நின்றால் அடுக்குகளுக்கு ஒரு பிரதி எடுத்து, குறைந்த ஒபாசிட்டியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.